பூஸ்ட் போடும் பதிவுக்குக் கேப்ஷன் எழுதுவது எப்படி: நீளத்திலும் சொல்லிலும் எங்கெங்கே மாற்ற வேண்டும்

காரைக்குடியில் கருப்புக் கவுனி கஞ்சி மாவு செய்து விற்கும் அக்கா ஒருவருக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களை நான் பார்த்துக் கொடுக்கிறேன். பதிவுகளை அவரே எழுதுவார். நன்றாகவே எழுதுவார். பேசுவது போலவே இருக்கும். ஒரு நாள் கூப்பிட்டு, "தம்பி, இந்தப் போஸ்ட் நல்லாப் போயிருக்கு, அப்படியே பூஸ்ட் போட்டுரவா?" என்று கேட்டார். அந்தப் பதிவு இதுதான்:

"வணக்கம் சொந்தங்களே! போன வாரம் சொன்ன மாதிரியே நம்ம கவுனி கஞ்சி மாவு மறுபடியும் வந்தாச்சு. போன தடவை தீர்ந்துபோய் நிறைய பேர் கோவிச்சுக்கிட்டீங்க, மன்னிச்சிருங்க. எங்க அம்மா கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தப்ப இருந்து இதே பக்குவம்தான். இந்தத் தடவை சுக்கைக் கொஞ்சம் குறைச்சிருக்கேன், காரம் தூக்கலா இருக்குன்னு சொன்னீங்கல்ல. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஆர்டர் கொடுத்தா நாளைக்கே கூரியர். சுகர் இருக்கிறவங்க கண்டிப்பா வாங்கிப் பாருங்க. விலைக்கு இன்பாக்ஸ் வாங்க. உங்க வீட்ல கவுனில என்ன செய்வீங்க? கமெண்ட்ல சொல்லுங்க."

கீழே பத்துப் பன்னிரண்டு ஹேஷ்டேக்.

அவரைப் பின்தொடர்கிறவர்களுக்கு இது அருமையான பதிவு. இதில் ஒரு வரியைக்கூட நான் வெட்டச் சொல்ல மாட்டேன். ஆனால் காசு கொடுத்து இதையே முன்பின் தெரியாதவர்கள் முன்னால் வைத்தால், ஏறக்குறைய ஒவ்வொரு வரியும் இடறும். ஏன் இடறுகிறது, அதை எப்படி மாற்றி எழுதினோம் என்பதை இந்த ஒரு பதிவை வைத்தே சொல்கிறேன். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இரண்டும் மெட்டாவின் கையில்தான் இருக்கின்றன, விளம்பர விதிகளும் ஒன்றுதான்.

எழுதுவதற்கு முன்: ஒரே பதிவு, இரண்டு கூட்டம்

பூஸ்ட் என்பது புது விளம்பரம் இல்லை. ஏற்கெனவே போட்ட பதிவையே காசு கொடுத்துக் கூடுதல் ஆட்களிடம் கொண்டுபோவதுதான் அது. அதனால் கேப்ஷனும் ஒன்றே ஒன்றுதான். விளம்பரத்துக்காக மாற்றினால், பக்கத்தைத் திறந்து பார்க்கும் பழைய வாடிக்கையாளர் கண்ணிலும் மாறிய வரிதான் படும். இதைத் தெரிந்துகொள்ளாமல் எழுத உட்கார்ந்தால் பாதியில் குழம்பிவிடும்.

இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் வழி, பதிவு போட்டு இரண்டு மூன்று நாள் நம் ஆட்கள் பார்த்து முடித்த பிறகு, கேப்ஷனைத் திருத்திவிட்டு பூஸ்ட் அழுத்துவது. லைக்கும் கமெண்டும் அப்படியே இருக்கும், வரிகள் மட்டும் மாறும். இரண்டாவது வழி, மெட்டாவின் விளம்பரக் கருவியான Ads Manager-க்குள் போய், பக்கத்தில் தெரியாத தனி விளம்பரமாக அதே படத்தை வேறு கேப்ஷனோடு போடுவது. இதில் பழைய பதிவு கைபடாமல் இருக்கும். ஆனால் விளம்பரம் லைக், கமெண்ட் எதுவும் இல்லாமல் வெறுமையாகத் தொடங்கும். மூன்றாவது, முதலிலேயே இரண்டு கூட்டத்துக்கும் பொருந்துகிற மாதிரி எழுதுவது: முதல் இரண்டு வரி தெரியாதவருக்கு, அதற்குக் கீழே தெரிந்தவருக்கு.

சின்னக் கடைகளுக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன். அறிமுகமில்லாத ஒருவர் ஒரு சாப்பாட்டுப் பொருளை வாங்க யோசிக்கும்போது, கீழே "போன தடவை வாங்கினேன், நல்லா இருந்துச்சு" என்று யாரோ எழுதியிருப்பதைப் பார்ப்பது கேப்ஷனில் நாம் எழுதும் எதைவிடவும் பெரியது. அதை இழக்கக் கூடாது. அதே காரணத்தால், பூஸ்ட் போடுவதற்கு முன் பழைய கமெண்டுகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். "ஸ்டாக் இல்லைங்க, அடுத்த மாசம்" என்று நீங்களே போட்ட பதில் அங்கேயே கிடக்கும்.

திருத்துவதை பூஸ்ட் அழுத்துவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பூஸ்ட்டில் கை வைத்தால், ஒன்று திருத்தவே விடாது, இல்லையென்றால் மறுபடி பரிசீலனைக்குப் போய் நிற்கும். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று முதல் நாள் இரவே இன்னொருவர் கண்ணில் காட்டிவிடுவது நல்லது.

முதல் படி: மடிப்புக்கு மேலே என்ன தெரிகிறது என்று எண்ணுங்கள்

பதிவின் முழு கேப்ஷனும் யாருக்கும் உடனே தெரிவதில்லை. கொஞ்சம் காட்டிவிட்டு ஃபேஸ்புக் See more என்று மடித்துவிடும். இன்ஸ்டாகிராமில் more. இன்ஸ்டாகிராமில் 2,200 எழுத்துக்குறிகள் வரை எழுதலாம், ஆனால் ஃபீடில் மடிப்புக்கு மேலே தெரிவது ஏறக்குறைய 125தான். விளம்பரம் எழுதுகிறவர்கள் 125 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கம்ப்யூட்டர் எழுத்தை எண்ணுவதும் நாம் எண்ணுவதும் ஒன்றில்லை. "வணக்கம்" என்பது நமக்கு ஐந்து எழுத்து. கம்ப்யூட்டருக்கு ஏழு: 'க்' என்பதில் 'க' ஒன்று, மேலே வைக்கும் புள்ளி இன்னொன்று. 'ம்' என்பதும் அப்படியே. 'ரு', 'டி', 'சே' எல்லாமே அதற்கு இரண்டிரண்டு. ஆங்கிலத்தில் 125 குறிகளில் இருபது வார்த்தைக்கு மேல் அடங்கும். தமிழில் பதினைந்து, பதினாறு வார்த்தையிலேயே முடிந்துவிடும். ஆங்கிலத்தில் விளம்பரம் எழுதுவதைப் பற்றிப் படித்துவிட்டு "முதல் இரண்டு வாக்கியம் தெரியும்" என்று நம்பி எழுதினால், தமிழில் இரண்டாவது வாக்கியத்தின் நடுவிலேயே கத்தரி விழும்.

அக்காவின் பதிவை எண்ணிப் பார்த்தோம். 125 முடிகிற இடத்தில் தெரிந்தது இவ்வளவுதான்:

"வணக்கம் சொந்தங்களே! போன வாரம் சொன்ன மாதிரியே நம்ம கவுனி கஞ்சி மாவு மறுபடியும் வந்தாச்சு. போன தடவை தீர்ந்துபோய் நிறைய பேர்"

அவரைத் தெரிந்தவருக்கு இதுவே போதும். "ஆகா, வந்துடுச்சா" என்று உடனே செய்தி அனுப்புவார். கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு புது ஆள் கண்ணில் இது எப்படிப் படும்? போன வாரம் யார் சொன்னது, யாரிடம் சொன்னது? "நம்ம" என்றால் யாருடையது? மறுபடி வந்தது என்றால் முன்னால் எப்போது வந்தது? பொருளின் பெயர் மட்டும் ஒரு மூலையில் இருக்கிறது. ஊர் இல்லை, விலை இல்லை. விரல் மேலே தள்ளிவிட்டுப் போய்விடும்.

வரி உடைப்பும் கணக்கில் வரும். முதல் வரியில் "வணக்கம்" மட்டும் போட்டு, ஒரு வெற்று வரி விட்டு, அப்புறம் விஷயத்தைத் தொடங்கினால், 125 எட்டுவதற்கு முன்பே மடித்துவிடும். ஸ்டோரியிலும் ரீலிலும் விளம்பரம் வரும்போது இதைவிடக் குறைவாக, பெரும்பாலும் ஒற்றை வரிதான் தெரியும். அதனால் எண்ணிக்கையைக் குத்துமதிப்பாக வைத்துக்கொண்டு, கடைசியில் பூஸ்ட் திரையில் காட்டும் முன்னோட்டத்தை உங்கள் போனிலேயே பார்த்து முடிவு செய்யுங்கள். எண்ணுவதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். கூகுள் டாக்ஸில் ஒட்டி எழுத்துக்குறி எண்ணிக்கையைப் பார்த்தால் போதும்.

இரண்டாவது படி: முதல் வரியை அறிமுகமாக மாற்றுங்கள்

சும்மா போடும் பதிவின் முதல் வரி உறவைத் தொடர்கிற வரி. வணக்கம், மறுபடியும், சொன்ன மாதிரியே, நம்ம எல்லாம் அங்கே தேவை. பூஸ்ட் பதிவின் முதல் வரி கடையின் பெயர்ப்பலகை மாதிரி. பொருள் என்ன, எந்த ஊர், என்ன விசேஷம், எவ்வளவு: இந்த நான்கும் மடிப்புக்கு மேலேயே இருந்துவிட வேண்டும். விசேஷத்தை ஒன்றே ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சொன்னால் இரண்டுமே நினைவில் நிற்காது.

பல தடவை எழுதி அழித்து, நாங்கள் வைத்த வரி இது:

"காரைக்குடி கருப்புக் கவுனி கஞ்சி மாவு. வீட்டில் வறுத்து அரைத்தது. அரைக் கிலோ ₹240, கூரியர் சேர்த்து."

கம்ப்யூட்டர் கணக்கில் இது சரியாக 100. நம் கண்ணுக்கு, இடைவெளியும் புள்ளியும் சேர்த்தே 64 எழுத்துதான். பொருளின் பெயர் முதலிலேயே இருப்பதால் ஒற்றை வரி மட்டும் தெரிகிற இடத்திலும் அது விழாது.

இந்த வரியைப் பார்த்ததும் அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்ன தம்பி, மளிகைக் கடைச் சீட்டு மாதிரி இருக்கு" என்றார். உண்மைதான். பாசமான முதல் வரி எழுதக் கூடாது என்று விதியெல்லாம் இல்லை. ஆனால் பாசம் புரிய வேண்டுமென்றால் ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவருக்கு "சொந்தங்களே" என்பது வெறும் சத்தம். அதற்கு மட்டும் பத்து எழுத்துக்குறி செலவாகிறது, நம்மிடம் மொத்தமே 125தான் இருக்கிறது.

பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா என்று அடிக்கடி கேட்பார்கள். என் வழக்கம், மடிப்புக்கு மேலே எழுத்துத் தமிழ், கீழே அவரவர் பேச்சு. "குறைச்சிருக்கேன்", "சொன்னீங்கல்ல" போன்ற சொற்களை, அந்த ஆளின் குரலைக் கேட்டுப் பழகியவர் பட்டென்று படிப்பார். புதியவர் ஒரு கணம் நின்று மனதுக்குள் உச்சரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த ஒரு கணத்தில் அடுத்த பதிவுக்குப் போய்விடுவார். கீழே, படிக்கலாம் என்று முடிவு செய்து See more அழுத்தியவர் முன்னால், உங்கள் ஊர்ப் பேச்சு அழகுதான்.

மூன்றாவது படி: விலையை மறைக்காதீர்கள்

"விலைக்கு இன்பாக்ஸ்" என்பது நம் ஊர்ப் பக்கங்களில் ஊறிப்போன பழக்கம். காசில்லாமல் போடும் பதிவில் அது ஓரளவு வேலையும் செய்கிறது. "விலை?" என்று பத்துப் பேர் கமெண்ட் போட்டால் பதிவு இன்னும் நாலு பேருக்குத் தெரியும். வந்து கேட்பவர்களும் ஏற்கெனவே பாதி நம்பியவர்கள்.

பூஸ்ட்டில் இதே வரி காசைக் கரைக்கும். செய்திகள் வர வேண்டும் என்ற நோக்கத்தைத் தேர்ந்து பூஸ்ட் போட்டால், யாரெல்லாம் செய்தி அனுப்பக் கூடியவர்களோ அவர்களைத் தேடித்தான் விளம்பரம் போகும். விலை இல்லாத கேப்ஷன், விலையைத் தெரிந்துகொள்ள மட்டும் வருகிறவர்களைக் கூப்பிடுகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ₹2,000 செலவில் 40 செய்திகள் வந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செய்திக்கு ₹50, திரையில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதில் 30 பேர் விலையைக் கேட்டுவிட்டுக் காணாமல் போய், 10 பேர்தான் வாங்கினார்கள் என்றால் ஒரு ஆர்டருக்கு ₹200 ஆகிவிட்டது. விலை போட்ட கேப்ஷனுக்கு அதே ₹2,000-க்கு 18 செய்திதான் வந்தது, அதில் 14 பேர் வாங்கினார்கள் என்று வைத்தால், ஒரு செய்திக்கு ₹111, ஒரு ஆர்டருக்கு ₹143. திரையில் காட்டும் எண்ணை மட்டும் பார்த்தால் மோசமான கேப்ஷன்தான் ஜெயித்த மாதிரி தெரியும். முப்பது பேருக்கு உட்கார்ந்து பதில் போட்ட நேரத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை.

விலை ஆளுக்கு ஆள் மாறும் தொழிலாக இருந்தால் (தையல், மண்டப அலங்காரம், கேட்டரிங்) தொடக்க விலையைப் போடுங்கள். "₹900 முதல்" என்று ஒரு எண் இருந்தாலே, கட்டுப்படியாகாதவர் தானாக விலகிவிடுவார். அவர் விலகுவது நமக்கு நல்லது. பூஸ்ட் கேப்ஷனுக்கு ஆளைக் கூப்பிடுகிற வேலையும் உண்டு, நமக்குப் பொருந்தாத ஆளை அனுப்பிவைக்கிற வேலையும் உண்டு.

நான்காவது படி: நாள்காட்டிச் சொற்களை எடுங்கள்

பூஸ்ட் பொதுவாக ஐந்து நாள், ஏழு நாள் ஓடும். "இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள" என்பது திங்கட்கிழமை மாலையோடு செத்துவிட்டது. வியாழக்கிழமை பார்ப்பவருக்கும் அதே வரி போய்க்கொண்டிருக்கும், அதற்கும் காசு எடுத்துக்கொள்வார்கள். இன்று, நாளை, இந்த வாரம், நேற்று சொன்னேனே போன்றவற்றைத் தேடி எடுத்துவிடுங்கள். அதன் இடத்தில் தேதியைப் போடலாம் ("ஜனவரி 10 வரை"), அல்லது எப்போதும் உண்மையாக இருக்கும் கணக்கைச் சொல்லலாம் ("ஆர்டர் கொடுத்த மூன்று நாளில் கையில் கிடைக்கும்"). தேதி போட்டால், பூஸ்ட் முடியும் நாளும் அதுவாகவே இருக்கட்டும். பொங்கல் முடிந்த பிறகும் பொங்கல் தள்ளுபடி விளம்பரம் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது எழுதியவரின் பிழையைவிட, பூஸ்ட்டை எத்தனை நாளுக்கு வைத்தார் என்பதில் நடந்த பிழை.

ஐந்தாவது படி: "உங்களுக்கு இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள்

இதுதான் பலருக்குத் தெரியாத இடம், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். சாதாரணப் பதிவுக்கு மெட்டாவின் பொது விதிகள் மட்டும்தான். பூஸ்ட் அழுத்திய கணத்தில் அதே பதிவு விளம்பரமாகி, அதற்கு மேல் விளம்பர விதிகளும் சேர்ந்துகொள்கின்றன. மாதக்கணக்கில் பக்கத்தில் சும்மா இருந்த வரி, பூஸ்ட் போட்டதும் நிராகரிக்கப்படுவது இதனால்தான்.

அந்த விதிகளில் கேப்ஷன் எழுதுகிறவரை அதிகம் இடிப்பது ஒன்று. பார்ப்பவரின் தனிப்பட்ட நிலையை நாம் அறிந்திருப்பது போலவோ, அவருக்கு அது இருப்பது போலவோ எழுதக் கூடாது. நோய், உடல்நிலை, மதம், வயது, கடன் மாதிரியான பணக்கஷ்டம் எல்லாம் இதில் அடங்கும். "சுகர் இருக்கிறவங்க கண்டிப்பா வாங்கிப் பாருங்க" என்பது இதில் நேராகப் போய் மாட்டும். "கடன் தொல்லையா?", "மூட்டு வலியால் அவதிப்படுகிறீர்களா?" எல்லாம் அதே வகை.

விதிக்குப் பின்னால் நியாயம் இருக்கிறது. அக்காவின் பக்கத்தில் இந்த வரியைப் படிப்பவருக்கு, அக்கா எல்லோரையும் பார்த்துப் பொதுவாகச் சொல்கிறார் என்று தெரியும். முன்பின் தெரியாத ஒரு கடை, Sponsored என்ற அடையாளத்தோடு திரையில் வந்து "உங்களுக்குச் சுகர் இருக்கிறதே" என்று பேசினால், இவர்களுக்கு எப்படித் தெரியும் என்ற திடுக்கிடல்தான் வரும்.

மாற்றுவது எளிது. வாக்கியத்தின் எழுவாயை வாசகரிடமிருந்து பொருளுக்கு மாற்றிவிடுங்கள். "மூட்டு வலியா உங்களுக்கு?" என்பதற்குப் பதிலாக "மூட்டு வலிக்கான பிசியோதெரபி, மதுரை அண்ணா நகரில்". நீங்கள், உங்களுக்கு என்ற சொற்கள் எல்லாவற்றுக்கும் தடை இல்லை. "உங்கள் பின்கோடை அனுப்புங்கள்" என்பதில் எந்தத் தப்பும் இல்லை. நோயோடும் பணக்கஷ்டத்தோடும் அது ஒட்டும்போதுதான் வம்பு.

உணவுப் பொருளுக்கு இன்னொரு வேலியும் உண்டு. உணவு விளம்பரத்தில் என்னென்ன சொல்லலாம் என்பதற்கு இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018-இல் தனி ஒழுங்குமுறைகள் கொண்டுவந்தது. ஒரு உணவு நோயைக் குணமாக்கும், தடுக்கும் என்று நம் இஷ்டத்துக்குச் சொல்ல அதில் இடமில்லை. இது சும்மா போடும் பதிவுக்கும் பொருந்தும் என்பதால், அக்காவிடம் அந்தச் சுகர் வரியை இரண்டு இடத்திலிருந்தும் எடுக்கச் சொன்னேன். அதன் இடத்தில் மாவில் என்ன இருக்கிறது என்று மட்டும் எழுதினோம். கவுனியை எதற்காக வாங்க வேண்டும் என்று வாங்குகிறவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

ஆறாவது படி: கடைசி வரியைப் பொத்தானோடு சேருங்கள்

சாதாரணப் பதிவின் கடைசி வரி பேச்சை வளர்க்கும். "உங்க வீட்ல கவுனில என்ன செய்வீங்க?" என்று கேட்டால் ஒருவர் அல்வா என்பார், ஒருவர் பாயசம் என்பார். பதிவு உயிரோடு இருக்கும். பூஸ்ட் பதிவுக்குக் கீழே ஒரு பொத்தான் உட்கார்ந்திருக்கிறது: வாட்ஸ்அப்புக்கோ இணையதளத்துக்கோ கொண்டுபோகும் பொத்தான். கேப்ஷன் கமெண்டுக்குக் கூப்பிடுகிறது, பொத்தான் வாட்ஸ்அப்புக்குக் கூப்பிடுகிறது என்றால், பார்ப்பவர் எளிதான வேலையைத்தான் செய்வார். கமெண்ட் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

ஆகவே பூஸ்ட் கேப்ஷனில் கேட்பது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், அது பொத்தான் செய்யும் வேலையாகவே இருக்கட்டும். "பயோவில் லிங்க்", "முதல் கமெண்டில் லிங்க்" எல்லாம் தேவையில்லை, அவை காசில்லாத பதிவுக்கான சுற்றுவழிகள். போன் நம்பரையும் நான் எடுத்துவிடுவேன். நம்பரைப் பார்த்து நேராகக் கூப்பிடுகிறவர் விளம்பரத்தால் வந்தாரா, வேறு வழியில் வந்தாரா என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. உங்கள் வாடிக்கையாளர்கள் வயதானவர்கள், வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்யத் தயங்குவார்கள் என்றால் மட்டும் நம்பரை வைத்துக்கொண்டு, அழைக்கிற ஒவ்வொருவரிடமும் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

வெறுமனே "மெசேஜ் பண்ணுங்க" என்றால் "ஹாய்" என்று மட்டும் வரும். என்ன எழுதி அனுப்ப வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டால், முதல் செய்தியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

ஹேஷ்டேக்குகளை மொத்தமாக எடுத்துவிட்டோம். சும்மா போடும் பதிவைத் தேடி வருகிறவர்களுக்கு அவை உதவலாம். பூஸ்ட்டில் யாரிடம் போக வேண்டும் என்பதை நாம் தேர்ந்த ஊரும் வயதும் தீர்மானிக்கின்றன. தவிர ஒவ்வொரு ஹேஷ்டேக்கும் தொட்டால் வேறு பக்கத்துக்குக் கொண்டுபோகும் கதவு. காசு கொடுத்து ஆளை வரவழைத்து, பின்வாசலையும் நாமே திறந்து வைப்பானேன்?

நீளம் எவ்வளவு?

விளம்பரம் என்றால் சுருக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பார்கள். நான் அதை முழுதாக ஒத்துக்கொள்வதில்லை. மடிப்புக்கு மேலே இருப்பது தன்னளவில் முழுமையாக இருக்க வேண்டும், அதுதான் கட்டாயம். மடிப்புக்குக் கீழே எவ்வளவு என்பது பொருளைப் பொறுத்தது. ₹100 சமோசா பாக்ஸுக்கு மேலே இருக்கும் வரியே போதும், கீழே ஒன்றும் வேண்டாம். ₹240 கஞ்சி மாவுக்கு ஐந்தாறு வாக்கியம். ₹15,000 பட்டுப் புடவை, மூன்று மாத வகுப்பு என்றால் சாதாரணப் பதிவைவிட நீளமாகக்கூட எழுதலாம். See more அழுத்துகிறவர் வாங்க யோசிக்கிறவர், அவர் கேட்கப்போகும் கேள்விகளுக்குத்தான் அங்கே பதில் இருக்க வேண்டும். அம்மா கல்யாணமாகி வந்த கதையும் அங்கே வரலாம், ஆனால் கூரியர் விவரத்துக்கு அப்புறம்.

கடைசியில் பூஸ்ட்டுக்குப் போன கேப்ஷன் இது:

"காரைக்குடி கருப்புக் கவுனி கஞ்சி மாவு. வீட்டில் வறுத்து அரைத்தது. அரைக் கிலோ ₹240, கூரியர் சேர்த்து.

கவுனி அரிசி, சுக்கு, ஏலக்காய் மட்டும்தான். வேறு மாவு கலப்பதில்லை. ஒரு டம்ளர் தண்ணீருக்கு இரண்டு ஸ்பூன் போட்டு, கட்டி தட்டாமல் கரைத்துக் கொதிக்க விட்டால் கஞ்சி ரெடி. தமிழ்நாடு முழுக்க அனுப்புகிறோம், ஆர்டர் கொடுத்த மூன்று நாளில் கிடைக்கும். எங்க அம்மா கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தப்ப இருந்து இதே பக்குவம்தான்.

எத்தனை பாக்கெட் வேண்டும், உங்கள் பின்கோடு என்ன: இந்த இரண்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்."

அம்மா வரியை அக்கா விடவில்லை. அந்த ஒரு வரி அவர் பேசுகிற மாதிரியே இருக்கட்டும் என்றார். சரி என்று விட்டுவிட்டேன், இப்போது பார்த்தால் நல்லதாகத்தான் படுகிறது.

ஓட ஆரம்பித்த பிறகு: என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள்

முதல் இரண்டு நாள் கேப்ஷன் சரியா தப்பா என்று எண்களைவிட வரும் செய்திகள்தான் தெளிவாகச் சொல்லும். "எந்த ஊர்?" என்று பலர் கேட்டால் ஊர்ப் பெயர் மடிப்புக்குக் கீழே போய்விட்டது. "விலை?" என்று வந்தால், விலை போட்டிருந்தும் கண்ணில் படவில்லை, எண்ணை இன்னும் முன்னால் கொண்டுவர வேண்டும். "இது என்ன மாவு?" என்றால் பெயர் மட்டும் போதவில்லை. லைக் குவிந்து செய்தி வராமல் இருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, பூஸ்ட் போடும்போது நோக்கத்தைத் தவறாகத் தேர்ந்திருப்பீர்கள். இல்லையென்றால், கடைசி வரி ரசிக்க வைக்கிறது, அனுப்ப வைக்கவில்லை.

இதையெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் பூஸ்ட்டிலேயே திருத்தப் போகாதீர்கள். குறித்து வைத்துக்கொண்டு அடுத்ததில் மாற்றுங்கள். இரண்டு கேப்ஷனில் எது தேவலை என்று ஒப்பிட வேண்டுமென்றால் Ads Manager-இல் ஒரே படம், ஒரே ஆட்கள், ஒரே தொகை வைத்து, முதல் வரியை மட்டும் மாற்றி இரண்டு விளம்பரம் போட வேண்டும். படமும் வரியும் சேர்ந்து மாறினால் எதனால் மாற்றம் வந்தது என்று தெரியாது. முடிவை ஆர்டர் எண்ணிக்கையில் பாருங்கள், செய்தி எண்ணிக்கையில் பார்க்க வேண்டாம்.

அக்காவுக்கு வந்த செய்திகளில் "விலை?" என்று கேட்டவர்கள் அநேகமாக இல்லை. ஆனால் "ஒரு கிலோ எவ்வளவு?" என்று நிறைய பேர் கேட்டார்கள். இரண்டு பாக்கெட்டாக எடுத்தால் கூரியரில் கொஞ்சம் மிச்சமாகும், அதைக் குறைத்துக் கொடுப்பார்களா என்ற கேள்வி அது. எனக்கு அது தோன்றவே இல்லை. அடுத்த பூஸ்ட்டில் அரைக் கிலோ விலைக்குப் பக்கத்திலேயே ஒரு கிலோ விலையும் ஏறியது. முதல் வரி ரொம்ப நீண்டுவிடக் கூடாதே என்று "வீட்டில் வறுத்து அரைத்தது" என்பதைக் கீழே இறக்கினோம். அக்கா மட்டும் இன்னும், "அந்த வரி மேலயே இருந்திருக்கலாம் தம்பி" என்கிறார்.